பிளவுஸ் தைக்கக் கொடுத்த இலக்கத்துக்கு விளம்பரம் அனுப்பலாமா?

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டியிருக்கும் ஒரு சேலைக் கடையில் வாடிக்கையாளர் தொடர்பைக் கவனிக்கும் பொறுப்பில் நான் இருக்கிறேன். எங்கள் கடையில் வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கம் மூன்று இடங்களில் எழுதப்படுகிறது. பில் போடும்போது காசாளர் கேட்கிறார்; வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய பொதிகளின் துண்டில் எழுதப்படுகிறது; பிளவுஸ் தைக்கக் கொடுப்பவர்களின் அளவுகளோடு தையல் புத்தகத்திலும் பதிவாகிறது. மூன்றிலும் அதிகமான இலக்கங்கள் இருப்பது தையல் புத்தகத்தில்தான். நான் பொறுப்பேற்றபோது இம்மூன்றும் ஒன்றாகக் கலக்கப்பட்டு, தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, ஆடி, தீபாவளி என்று ஒவ்வொரு பருவத்திலும் தள்ளுபடிச் செய்தி அனுப்பப்படும் ஒரே பட்டியலாக இருந்தன. கொழும்பில் பெரும்பாலான துணிக்கடைகளும் நகைக்கடைகளும் இப்படித்தான் செய்கின்றன என்பதால் அதை யாரும் பிழையென்று நினைக்கவில்லை.

ஆனால் தையல் புத்தகத்தில் தன் இலக்கத்தைச் சொல்லும் பெண், பிளவுஸ் தயாரானதும் அறிவியுங்கள் என்பதற்காக மட்டுமே அதைச் சொல்கிறார். அவர் கொடுத்த அனுமதி அந்த ஒரு வேலைக்கு உரியது. பிளவுஸ் அவர் கைக்குப் போனதும் அந்த வேலை முடிந்துவிடுகிறது. அதே இலக்கத்துக்குக் காஞ்சிபுரப் பட்டின் விலைக்குறைப்பை அனுப்புவதற்கு வேறோர் அனுமதி வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது. அந்த அனுமதியை எப்படிக் கேட்பது, எப்படிப் பதிந்து வைப்பது, கிடைக்காதபோது என்ன செய்வது என்பவற்றை எங்கள் கடையில் நடந்ததை வைத்தே எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஓர் அம்மா, மகளின் திருமணத்துக்கு முந்திய வாரத்தில் கடைக்கு வந்து, "தம்பி, பிளவுஸ் ரெடியானால் மெசேஜ் போடுவம் எண்டு சொன்னீங்கள், ஒண்டும் வரேல்லையே" என்று கேட்டார். பிளவுஸ் தயாராகிப் பல நாட்கள் ஆகியிருந்தன. செய்தியும் எங்கள் பக்கத்திலிருந்து போயிருந்தது. திரையில் பார்த்தால் அச்செய்திக்கு ஒற்றைச் சரிக்குறி மட்டுமே இருந்தது. அவருடைய பேரன் கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மம்மா, விளம்பரம் கூட எண்டு நான்தான் புளொக் பண்ணி விட்டனான்" என்றான்.

வாட்ஸ்அப்பில் ஒருவர் எங்களைப் புளொக் செய்யும்போது, விளம்பரத்தை மட்டும் தனியாகத் தடுப்பதில்லை. அந்த இலக்கத்திலிருந்து வரும் அனைத்தையும், வாட்ஸ்அப் அழைப்புகள் உட்பட, நிறுத்திவிடுகிறார். அதன்பின் நாங்கள் அனுப்பும் பிளவுஸ் அறிவித்தலும், பொதி வந்து சேரும் நேரமும், பணம் திரும்பக் கொடுக்கும் தகவலும் அவரைச் சென்றடையமாட்டா. அனுப்புகிறவருக்கு இது தெரிவிக்கப்படுவதும் இல்லை. ஒற்றைச் சரிக்குறி நீண்ட காலம் அப்படியே நிற்கும். ஆனால் தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தாலும் அதே குறிதான் நிற்கும் என்பதால், எது காரணம் என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. வாடிக்கையாளர் நேரில் வந்து கேட்டால்தான் வெளிப்படுகிறது. வராமலே வேறு கடைக்குப் போய்விடுகிறவர்களைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாமற் போகிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். தன் தொலைபேசியில் சேமித்து வைக்காத ஓர் இலக்கத்திலிருந்து முதற் செய்தி வரும்போது, புளொக் செய்யவா, தொடர்புகளில் சேர்க்கவா என்ற தெரிவை வாட்ஸ்அப்பே அவருக்குக் காட்டுகிறது. ஆகவே முன்பின் அறியாத கடையின் தள்ளுபடிச் செய்தி, தடுக்கும் பொத்தானையும் கூடவே கொண்டுதான் போய்ச் சேருகிறது. அவர் புளொக் செய்வதோடு முறைப்பாடும் அனுப்பினால், எங்களிடமிருந்து அவருக்குப் போன கடைசி ஐந்து செய்திகள் வாட்ஸ்அப் நிறுவனத்தின் பார்வைக்குப் போகின்றன. இத்தகைய முறைப்பாடுகள் சேரும்போது இலக்கமே முடக்கப்படலாம். கடையின் பெயர்ப்பலகையிலும் பையிலும் பல வருடங்களாக அச்சிடப்பட்டு வந்த இலக்கம் முடங்கினால், புதிய சிம் வாங்கி அதைச் சரிசெய்துவிட முடியாது.

முதலில் நாங்கள் செய்தது தையல் புத்தகத்தையும் பொதித் துண்டுகளையும் விளம்பரப் பட்டியலிலிருந்து பிரித்ததுதான். அதன்பின் அனுமதி கேட்கும் கேள்வியை எழுதினோம். தொடக்கத்தில் காசாளர் மேசையில் கேட்கப்பட்ட கேள்வி, "உங்களுக்குத் தகவல்கள் அனுப்பலாமா?" என்பது. ஏறக்குறைய எல்லோரும் ஆம் என்றார்கள். அந்த ஆம் எனக்கு நம்பிக்கை தரவில்லை. பில்லையோ பிளவுஸையோ பற்றிய தகவலைத்தான் கேட்கிறோம் என்று அவர்கள் எடுத்துக்கொள்வது முகத்திலேயே தெரிந்தது. ஆகவே கேள்வியில் மூன்று விடயங்கள் வெளிப்படையாக இருக்கவேண்டும் என்று முடிவு செய்தோம்: என்ன அனுப்புவோம், எவ்வளவு அடிக்கடி அனுப்புவோம், எப்படி நிறுத்தலாம். இப்போது கேட்பது இதுதான்: "புதுச் சேலை வரவுகளையும் தள்ளுபடிகளையும் பற்றி மாதத்துக்கு இரண்டு வாட்ஸ்அப் செய்திகள் அனுப்புவோம், விருப்பமா? வேண்டாம் என்று எப்போது எழுதினாலும் நிறுத்திவிடுவோம். இல்லையென்றாலும் பிளவுஸ் தயாரானதும் வழக்கம்போல் அறிவிப்போம்."

கடைசி வாக்கியம் மிகவும் தேவையானது. அது இல்லாதபோது, மறுத்தால் பிளவுஸ் பற்றிய செய்தியும் வராதோ என்ற பயத்தில் சிலர் சம்மதித்தார்கள். பயத்தில் கொடுத்த சம்மதம் முதல் விளம்பரம் வந்த அன்றே புளொக்காக மாறிவிடும். இதே காரணத்தால், சம்மதிப்பவர்களுக்கு மட்டும் பில்லில் ஐந்து வீதம் கழிவு கொடுக்கலாம் என்று எங்கள் முதலாளி சொன்ன யோசனையையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. கழிவுக்காக ஆம் என்றவருக்குச் சேலைச் செய்தியில் விருப்பம் இருக்கிறதா என்பது நமக்குத் தெரியாது. மறுப்பவர்களின் எண்ணிக்கை புதிய கேள்வியால் கூடியது. அதைக் கேள்வி சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டதற்கான அடையாளமாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது, வாயால் சொன்ன சம்மதத்தை உறுதிப்படுத்துவது. காசாளர் மேசையில் ஒரு கியூஆர் குறியை வைத்திருக்கிறோம். வாடிக்கையாளர் தன் தொலைபேசியால் அதைப் பிடித்தால், எங்கள் கடையின் உரையாடல் திறந்து, "ஆம்" என்ற சொல் ஏற்கெனவே எழுதப்பட்டு நிற்கும். அனுப்பும் பொத்தானை அவரே அழுத்தவேண்டும். குறிக்குள் இருக்கும் இணைப்பு இப்படிப்பட்டது:

```
https://wa.me/947XXXXXXXX?text=%E0%AE%86%E0%AE%AE%E0%AF%8D
```

இலக்கத்தை எழுதும்போது முன்னால் வரும் பூச்சியத்தையும் கூட்டல் குறியையும் விட்டுவிட்டு, 94 என்ற நாட்டுக் குறியீட்டிலிருந்து தொடங்கவேண்டும்; பின்னாலுள்ள நீண்ட தொடர், "ஆம்" என்ற சொல்லை இணைப்புக்குள் எழுதும் முறை. அவருடைய செய்தி வந்ததும், என்ன அனுப்புவோம், மாதத்துக்கு எத்தனை, எப்படி நிறுத்தலாம் என்பதை மறுபடியும் எழுதி உடனே பதில் அனுப்புகிறோம். முதலாவது செய்தி அவரிடமிருந்து வருவதால் எங்களுக்கு நன்மைகள் பல. இலக்கத்தில் பிழை நேர்வதில்லை. அவர் எதற்குச் சம்மதித்தார் என்பது இருவர் தொலைபேசியிலும் திகதியோடு இருக்கிறது. கடையின் இலக்கத்தைச் சேமித்துக்கொள்ளும்படி அந்த இடத்திலேயே கேட்டுக்கொள்ளவும் முடிகிறது.

இந்த முறையால் நாங்கள் எதிர்பாராத இன்னொரு விடயமும் தெரியவந்தது. தையல் புத்தகத்தில் இருந்த பல இலக்கங்கள் சேலை வாங்கிய பெண்ணுடையவை அல்ல. கணவனுடையவை, மகனுடையவை, சிலவேளை முச்சக்கரவண்டியில் கூட்டிவந்த தெரிந்தவருடையவை. அந்தப் பெண் விரும்பிச் சம்மதித்தாலும், செய்தி போய்ச் சேருவது வேலைத்தளத்தில் இருக்கும் மகனுக்கு. அவர் கேட்காத செய்தி அது. அவர் தடுப்பதில் நியாயம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் செய்தி பெறுகிறவரே தன் கையால் "ஆம்" அனுப்பவேண்டும் என்று வைத்ததும் இந்தக் குழப்பம் தானாகவே நீங்கியது. ஸ்மார்ட் போன் இல்லாத, அல்லது கியூஆர் பிடிக்கத் தெரியாத மூத்தவர்களுக்கு மட்டும், "இது உங்கள் கையில் இருக்கும் போனா, அம்மா?" என்று கேட்டுவிட்டு எழுதிக்கொள்கிறோம்.

எங்கள் நாட்டுச் சட்டமும் இதையே கேட்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விளம்பர நோக்கில் அனுப்பப்படும் செய்திகளைப் பற்றித் தனியாக ஒரு பகுதியைக் கொண்டிருக்கிறது. சம்மதித்தவருக்கே அத்தகைய செய்திகளை அனுப்பலாம் என்றும், இலக்கத்தைப் பெறும்போதும் பின்னர் ஒவ்வொரு செய்தியை அனுப்பும்போதும், செலவில்லாமல் விலகிக்கொள்ளும் வழியைச் சொல்லவேண்டும் என்றும் அது கூறுகிறது. முதலாளியிடம் நான் முதலில் காட்டியது இதைத்தான். ஆனால் அவரை மாற்றியது சட்டம் அல்ல, எங்கள் பிராட்காஸ்ட் பட்டியலின் நிலை.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் செய்தி போகாது. எங்கள் இலக்கத்தைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கே போகும். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விபரத்தைத் திறந்தால், யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் வாசித்தார்கள் என்பது தெரியும். பழைய பட்டியல்களில் ஒன்றை அப்படித் திறந்து முதலாளியிடம் காட்டினேன். போய்ச் சேர்ந்தவர்களின் பெயர்கள் ஒரு திரைக்குள் அடங்கிவிட்டன. சேராதவர்களின் பெயர்களைப் பார்க்க விரலால் தள்ளிக்கொண்டே போகவேண்டியிருந்தது. "இவ்வளவு பேரையும் விட்டுவிடுவதா?" என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர், அவர்களிற் பலரிடம் நாங்கள் பேசிக்கொண்டிருக்கவே இல்லை என்பதை அப்போது கண்டார்.

இந்த எல்லையைத் தாண்டுவதற்கு மூன்று குறுக்குவழிகளைப் பலர் சொல்வார்கள். கணினியில் ஒரு மென்பொருளை இணைத்து, சேமிக்காதவர்களுக்கும் ஒவ்வொன்றாகத் தானே அனுப்பச் செய்வது ஒன்று. இது வாட்ஸ்அப்பின் விதிகளுக்கு முரணானது, இலக்கம் முடங்குவதற்கு நேர்வழியும் இதுவே. எல்லோரையும் ஒரு குழுவில் சேர்ப்பது இன்னொன்று. குழுவில் சேர்த்தால் ஒவ்வொரு பெண்ணின் இலக்கமும் அறிமுகமில்லாத மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். தையற்காரரிடம் சொன்ன இலக்கத்தை நூற்றுக்கணக்கானவர்களுக்கு முன்னால் வைப்பது நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாத செயல். மூன்றாவது, வாட்ஸ்அப்பின் வணிகத் தளத்துக்குப் பணம் கட்டி மாறுவது. அது முறையான வழிதான். ஆனால் அங்கும் சம்மதம் கட்டாயம். விளம்பரச் செய்தியின் வடிவத்தை முன்கூட்டியே ஒப்புதலுக்குக் கொடுக்கவேண்டும். பெறுகிறவர்கள் அதிகமாகப் புளொக் செய்தால் இலக்கத்தின் தரம் பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இறங்கும், அந்தச் செய்தி வடிவமும் நிறுத்திவைக்கப்படும். பிளவுஸ் அறிவித்தலின் அடியில் ஒரு தள்ளுபடி வரியைச் சேர்த்தால் அது முழுவதும் விளம்பரமாகவே கணக்கிடப்படும். பணம் கொடுத்தாலும் கேட்காமல் அனுப்பும் உரிமை அங்கே கிடைப்பதில்லை.

பழைய பட்டியலில் இருந்தவர்களிடம் எப்படிக் கேட்பது என்பது கடினமான கேள்வி. "தொடர்ந்து அனுப்பலாமா?" என்று எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடலாம் என்று தோன்றும். அந்தக் கேள்வியே அவர்கள் கேட்காத இன்னொரு மொத்தச் செய்தி. ஏற்கெனவே சலித்திருப்பவருக்கு அதுவே கடைசித் துளியாகிவிடும். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. பழைய பட்டியலுக்கு விளம்பரம் அனுப்புவதை முற்றாக நிறுத்தினோம். அவர்களில் ஒருவர் கடைக்கு வரும்போது, அல்லது தானாக எங்களுக்கு ஏதாவது கேட்டு எழுதும்போது, அவர் கேட்டதற்குப் பதில் சொன்ன பின்னர் மேற்சொன்ன கேள்வியைக் கேட்கிறோம். பிளவுஸை வாங்கிப் போட்டுப் பார்த்துத் திருப்தியோடு நிற்கும் நேரம் இதற்கு மிகவும் பொருத்தமானது. பணம் கட்டுவதற்காக வரிசையில் நிற்கும் நேரம் மிகவும் பொருத்தமற்றது. பட்டியல் முன்பைவிட மிகச் சிறிதாகிவிட்டது. ஆனால் ஒரு சேலையின் படத்தை அனுப்பினால், "இதில பச்சை இருக்கா?", "ஞாயிறு திறந்திருக்குமா?" என்று பதில்கள் வருகின்றன; முன்பு பதில் என்று வந்தவை பெரும்பாலும் "யார் இது?" என்பதாகவே இருந்தன.

வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் வேறொரு சிக்கல் உண்டு. கடையின் பெயரே அனுப்புநராகத் தோன்றும் குறுஞ்செய்திக்குப் பதில் எழுத முடியாது. ஆகவே "வேண்டாம் என்று பதிலனுப்புங்கள்" என்ற வரி அங்கே பயனற்றது. அழைத்தோ செய்தி அனுப்பியோ நிறுத்தச் சொல்வதற்கு ஓர் இலக்கத்தை உள்ளே எழுதவேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்துகள் கொள்ளும். தமிழில் 70 மட்டுமே. அதிலும் புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. "வேண்டாம்" என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து, கணக்கில் எட்டு. 70ஐத் தாண்டியதும் செய்தி 67 எழுத்துகள் கொண்ட பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதிக்கும் கட்டணம் ஏறும். இதனால்தான் நிறுத்தும் வழியைச் சொல்லும் வரியைப் பலர் வெட்டிவிடுகிறார்கள். நாங்கள் வெட்டுவது விளம்பர வரியை. "ஆடித் தள்ளுபடி", நாள், கடையின் பெயர், நிறுத்துவதற்கான இலக்கம், இவ்வளவு போதும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ செய்தி வேண்டும் என்று சொன்னவருக்கு அந்த மொழியிலேயே அனுப்புகிறோம். அதையும் சம்மதம் கேட்கும்போதே குறித்துக்கொள்கிறோம்.

ஒருவர் நிறுத்தச் சொன்னால் அவருடைய இலக்கத்தை அழித்துவிடவேண்டும் என்று எங்கள் கடையில் வேலை செய்யும் தங்கச்சி ஒருவர் நினைத்திருந்தார். மரியாதையான எண்ணம்தான், ஆனால் அப்படி அழித்தால் அவர் அடுத்த முறை வரும்போது புதியவராகப் பதிவாகி, மறுபடியும் அதே கேள்வியைக் கேட்கவேண்டி வரும். ஆகவே எக்செல் தாளில் இலக்கம், மொழி, சம்மதித்த திகதி, எப்படிச் சம்மதித்தார் என்பவற்றோடு, நிறுத்தச் சொன்ன திகதிக்கும் ஒரு நிரல் வைத்திருக்கிறோம். அந்த நிரலில் திகதி இருந்தால், அவராகக் கேட்டாலன்றி நாங்கள் கேட்பதில்லை. "வேண்டாம்", "நிப்பாட்டுங்கோ", "போதும்", சிங்களத்தில் "எப்பா" என்று எப்படி எழுதினாலும் அன்றைக்கே நிறுத்தி, நிறுத்தியதை ஒரே வரியில் அறிவிக்கிறோம். ஏன் என்று கேட்பதில்லை.

நிறுத்துவதற்கும் தொடர்வதற்கும் இடையில் இன்னொரு நிலை இருப்பதை ஒரு வாடிக்கையாளர் உணர்த்தினார். அவருடைய வீட்டில் ஒரு மரணம் நடந்து, அந்த வருடம் தீபாவளியோ பொங்கலோ கொண்டாடுவதில்லை என்று இருந்தார்கள். "ஆட்டைத் திவசம் முடியட்டும், பிறகு அனுப்புங்கோ" என்று எழுதியிருந்தார். அத்தகைய வீட்டுக்குப் பட்டுச் சேலையின் படம் போவது தொந்தரவு என்ற அளவில் நிற்காது, புண்படுத்தும். இப்போது தாளில் "இடைநிறுத்தம், எதுவரை" என்ற நிரலும் இருக்கிறது; சம்மதித்தவர்களுக்கு நாங்கள் அனுப்பும் முதற் பதிலிலும், சில காலம் நிறுத்தி வைக்கவேண்டுமென்றால் சொல்லுங்கள் என்ற வரியைச் சேர்த்திருக்கிறோம்.

மாதத்துக்கு இரண்டு என்று சொன்ன எண்ணிக்கைக்குச் சோதனை வருவது தீபாவளிக்கு முந்திய வாரங்களில்தான். சரக்கு வந்து இறங்கும்போதெல்லாம் இன்னொரு செய்தி போடலாமே என்று முதலாளி கேட்பார். அந்த நேரத்தில் கூடுதலான படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறோம். இலக்கத்தைச் சேமித்து வைத்திருப்பவர் விரும்பினால் தானே திறந்து பார்க்கலாம், எவருடைய தொலைபேசியும் ஒலிக்காது. பருவகாலத்துக்கு மட்டும் வேலைக்கு வரும் பிள்ளைகளை இலக்கம் கேட்க விடுவதில்லை. எத்தனை இலக்கம் சேர்த்தோம் என்பதில் அவர்களுக்கு ஆர்வம் வந்துவிடுகிறது, கேள்வியின் கடைசி வாக்கியம் விடுபட்டுப்போகிறது. ஆகவே அந்த வாரங்களில் காசாளர் மேசையிலும் தையற் பகுதியிலும் நிரந்தரமாக இருக்கும் இருவர் மட்டுமே கேட்கிறார்கள்.